எமோஜியில் ‘எமோ’ எங்கே இருக்கிறது?

வினாத்தாள் வேலு எழுதியது:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். கேள்வி, விடை எல்லாம் நானே தயாரிப்பவை. போன மாதம் ‘எமோஜி என்ற சொல் எந்த ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது?’ என்று கேட்டேன். உணர்ச்சியைக் குறிக்கும் ‘எமோஷன்’ என்பதுதான் நான் எழுதி வைத்திருந்த விடை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், அது ஆங்கிலமே இல்லை, ஜப்பானிய மொழி” என்றாள். கேள்வியையே தவறு என்கிறாளே என்ற எரிச்சலில் மதிப்பெண் தரவில்லை. வீட்டுக்கு வந்தபின் மனம் உறுத்துகிறது. அவள் சொன்னது சரியா? சரியென்றால் அந்தச் சொல்லை எங்கே பிரிக்க வேண்டும்? கரோக்கி, சுனாமி போன்றவற்றையும் பிரித்துக் காட்டினால் அடுத்த மாதம் அவற்றையே கேள்வியாக வைத்துவிடுவேன்.

பழைய கைபேசி எழுதியது:

எமோஜி பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பேரன் அனுப்பும் படங்களில் சில என் கைபேசியில் வெறும் கட்டமாகத் தெரிகின்றன. கடைக்காரர் புதிய கைபேசி வாங்கச் சொல்கிறார். வேறு வழி இருக்கிறதா?

செம்மொழிச் செல்வன் எழுதியது:

வேலு ஐயா, நீங்கள் சொன்ன விடையில் பாதி சரிதான். 1982இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினிப் பேராசிரியர், வேடிக்கையாகச் சொன்னதைக் காட்ட `:-)` என்று போடலாம் என்று எழுதினார். அந்த வகைக் குறிகளுக்கு வந்த பெயர் ‘எமோட்டிகான்’. உணர்ச்சிக்கான சொல்லும் உருவுக்கான சொல்லும் ஒட்டியது அது. அதைத்தான் ஜப்பானியர் சுருக்கி எமோஜி ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞரே எழுதியிருக்கிறார். கராத்தேயில் ‘கரம்’ கண்ணுக்கு நேராக நிற்கிறது. சுனாமியில் ‘சுனை’ இருக்கிறது. இதையெல்லாம் நாம் பேசுவதே இல்லை.

நகோயா நங்கை எழுதியது:

பதினாறு ஆண்டுகளாக நகோயாவில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வேலு சார், அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். செல்வன் அண்ணா, எமோட்டிகான் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதிலிருந்து எமோஜி வந்தது என்பது சரியில்லை.

பிரிக்க வேண்டிய இடம் ‘எ’வுக்கு அடுத்து. ‘எ’ என்றால் படம், ‘மோஜி’ என்றால் எழுத்து. பட எழுத்து, அவ்வளவுதான். ‘எமோ’ என்று ஒரு துண்டு அதில் கிடையவே கிடையாது. ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்துப்போனது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயல்தான் அந்தச் சொல் வெளிநாட்டில் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்ளக் காரணம் என்பது என் எண்ணம். கேட்டவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த சொல்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

இதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்பீர்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, கான்ஜி எழுத்தில் பார்ப்பது (நம் ஊர்க் கஞ்சி இல்லை, சீனாவிலிருந்து போன எழுத்து). எமோஜியை மூன்று கான்ஜிகளால் எழுதுகிறார்கள். முதலாவது படம். அடுத்த இரண்டும் சேர்ந்து ‘மோஜி’. இரண்டாவது வழி, பிரித்தெடுத்த துண்டு வேறு சொற்களிலும் அதே பொருளோடு வருகிறதா என்று தேடுவது. ‘மோஜி’ வருகிறது. ஜப்பானியர் `(^_^)` என்று தட்டச்சு செய்யும் முகக் குறிக்குப் பெயர் ‘காவோமோஜி’, அதாவது முக எழுத்து. கணினியில் எழுத்து சிதைந்து கண்டதும் கடியதுமாகத் தெரிந்தால் ‘மோஜிபாக்கே’ என்பார்கள். ‘பாக்கே’ என்பது உருமாறுவது. நரி மனித உருவம் எடுக்கிறது என்று கிராமத்துக் கதைகளில் சொல்வதற்கும், பேய்க்கு உள்ள ‘பாக்கேமோனோ’ என்ற பெயருக்கும் அதே வேர்தான். ‘எமோ’வை இப்படித் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

பழைய கைபேசி ஐயா, நீங்கள் கேட்டதும் இந்த இழைக்கு உரியதுதான். வெறும் கட்டம் தெரிவது மோஜிபாக்கே இல்லை. தமிழ் ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் `à®…` என்று வந்தால் அது மோஜிபாக்கே. அங்கே எழுத்துகளுக்கு உரிய எண்கள் சரியாக வந்து சேர்ந்தும் கருவி அவற்றை வேறு அட்டவணையில் வைத்துப் படிக்கிறது. உங்கள் கைபேசி சரியாகத்தான் படிக்கிறது, அந்தப் படத்தின் உருவம்தான் அதனிடம் இல்லை. எமோஜிகள் 2010இல் யூனிகோடு என்ற பொது எழுத்து அட்டவணையில் பெருமளவில் சேர்க்கப்பட்டன. அதன்பின் அடிக்கடி புதியவை சேர்கின்றன. கைபேசியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்க முடிந்தால் கட்டங்கள் போய்விடும். அந்தக் கட்டத்துக்கு எழுத்துரு செய்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டோஃபு’. சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் வெள்ளைக் கட்டி. அதுவும் ஜப்பான் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல்தான். ‘நோட்டோ’ என்ற எழுத்துருக் குடும்பத்தின் பெயருக்கே ‘டோஃபு வேண்டாம்’ என்று பொருள்.

பழைய கைபேசி எழுதியது:

நன்றி அம்மா. புதுப்பிப்பு எதுவும் இல்லை என்று வருகிறது. ஆனாலும் கட்டத்துக்குப் பெயராவது தெரிந்தது.

செம்மொழிச் செல்வன் எழுதியது:

கராத்தே, சுனாமி இரண்டையும் சகோதரி வசதியாகத் தாண்டிவிட்டார்.

நகோயா நங்கை எழுதியது:

தாண்டவில்லை அண்ணா, ரயில் ஏற வேண்டியிருந்தது.

கராத்தேயில் கை இருப்பது உண்மை. ஆனால் அது இருப்பது ‘தே’யில், ‘கரா’வில் இல்லை. ‘தே’ தான் கை. நீங்கள் கத்தியைத் தவறான மூட்டில் வைத்துவிட்டீர்கள். ‘கரா’ என்றால் இன்றைய எழுத்துப்படி வெறுமை. வெறுங்கை. ‘இன்றைய எழுத்துப்படி’ என்று சொல்லக் காரணம் உண்டு. முன்பு ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவில் அதே ஓசைக்கு வேறொரு கான்ஜியைப் போட்டு எழுதினார்கள். அது சீனாவின் தாங் அரச வம்சத்தின் பெயர், பொதுவாகச் சீனாவைக் குறிக்கும். ஆகவே அது அப்போது சீனக் கை. 1936இல் அங்குள்ள நாஹா நகரில் ஆசிரியர்கள் கூடி வெறுமை என்ற எழுத்தையே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். ஓசையில் ஒரு மாற்றமும் இல்லை, பொருள் மட்டும் நாடு மாறிவிட்டது. ஆகவே கான்ஜியைப் பார்த்தால் போதும் என்று நான் முன்பு சொன்னதற்கும் ஒரு வரம்பு உண்டு. எழுத்து நமக்குச் சொல்வது யாரோ ஒரு காலத்தில் எடுத்த முடிவை.

ஓனோ சுசுமு பற்றி: அப்படி எழுதினார், உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. அவரை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் சுனாமியில் சுனை இல்லை.

பாட்டுப்பெட்டி எழுதியது:

இந்த இழையில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது போலும். இருபத்திரண்டு ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். திருமணம், கோயில் திருவிழா என்று மாதம் பதினைந்து கச்சேரி இருந்த காலம் உண்டு. பிறகு ஒரு மடிக்கணினியும் இரண்டு ஒலிபெருக்கியும் கொண்டுவந்து, கரோக்கி ஓடவிட்டுப் பாடுகிறவர்கள் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்குப் பதில் இரண்டு பேர். எங்கள் குழு கலைந்தது. எனவே இந்தச் சொல்லின் பொருள் எனக்கு அகராதி பார்க்காமலே தெரியும். ஆனாலும் கேட்கிறேன், அதை எங்கே பிரிப்பது?

நகோயா நங்கை எழுதியது:

கராத்தேயில் பார்த்த அதே ‘கரா’ இங்கும் வருகிறது. கரா + ஒகே. வெறுமை முன்னால். பின்னால் உள்ள ‘ஒகே’ ஜப்பானியமே இல்லை. ஆர்கெஸ்ட்ரா என்ற சொல் ஜப்பானிய வாயில் ‘ஓகெஸுதோரா’ ஆகிறது. அது நீளமாக இருப்பதால் முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியாகிய ரிமோட் கன்ட்ரோல் அங்கே ‘ரிமோகோன்’. பாக்கெட் மான்ஸ்டர் ‘போக்கேமோன்’. எல்லாம் ஒரே பழக்கம்.

ஆக, கரோக்கி என்றால் காலி ஆர்கெஸ்ட்ரா. ஐயா, நீங்கள் சொன்ன பொருளேதான்.

இந்தச் சொல் இயந்திரத்துக்கு முன்பே இருந்தது. வாத்தியக் குழுவை அழைத்துப்போக முடியாத இடங்களுக்குப் பாடகர்கள் இசையை மட்டும் பதிவு செய்து எடுத்துப் போவார்கள். அந்தப் பதிவைத் தொழிலில் இருந்தவர்கள் அப்படிச் சொன்னார்கள். இயந்திரம் பிறகு வந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? உங்களைப் போல வாசிப்பவர். கோபே நகரத்து மதுக்கூடங்களில், பாட ஆசைப்படும் வாடிக்கையாளருக்குப் பின்னணி வாசித்து வந்த இனோவே தைசுக்கே. ஒரு நிறுவனத் தலைவர் வெளியூர்ப் பயணத்தில் பாட விரும்பி இவரைத் துணைக்கு அழைத்தார். போக முடியாததால் நாடாவில் வாசித்துக் கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து வந்த யோசனையில் 1971இல் காசு போட்டால் இசை வரும் பெட்டிகள் பதினொன்றைச் செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை எடுக்கவில்லை. 2004இல் வேடிக்கை நோபல் எனப்படும் இக் நோபலில் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். பிறரைப் பொறுத்துக்கொள்ளும் புதிய வழியை மக்களுக்குக் கற்றுத் தந்ததற்காக!

முதலாமவர் அவர் இல்லை, 1967இலேயே தோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி ஒரு பெட்டி செய்துவிட்டார் என்பாரும் உண்டு. நெகிஷிதான் முந்தியவர் என்பது என் கணக்கு. இனோவேயின் பக்கம் நிற்பவர்கள் இங்கே எனக்கு நண்பர்கள், அவர்கள் ஒப்புவதில்லை.

பாட்டுப்பெட்டி எழுதியது:

வாசிக்கிறவனே வாசிக்கிறவன் வயிற்றில் அடித்தானா! போகட்டும், அவரும் காப்புரிமை எடுக்கவில்லை என்பதில் ஒரு சிறு ஆறுதல். நமக்குள் அந்த வழக்கம் மட்டும் மாறுவதில்லை.

வேலு சார், ஒரு திருத்தம் கேட்கலாமா? ‘கரா ஒகே’ என்றால் தமிழில் ஏன் கரோக்கி என்று எழுதுகிறோம்?

வினாத்தாள் வேலு எழுதியது:

ஆங்கிலேயர் வாயில் அது ‘கேரியோக்கி’ என்று ஆனதாம். நாம் அவர்கள் வழியாகக் கேட்டோம். நேராகக் கேட்டிருந்தால் கராஒகே என்று நான்கு எழுத்தும் தனித்தனியே நின்றிருக்கும். இப்போது பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. செல்வனுக்குக் கோபம் வரும்.

கடலோடி மகன் எழுதியது:

சுனாமி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். 2004 டிசம்பர் 26 காலை அப்பா கடலில் இருந்தார், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். படகு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கியது போல இருந்தது என்பார். அதுகூடப் பிற்பாடு யோசித்தபோதுதான். வலையை வாரிக்கொண்டு திரும்பி வந்தால் கரையில் ஊரே இல்லை. கடலில் ஒன்றும் இல்லை, கரையில் எல்லாம் போயிருந்தது என்பதை அவர் இன்றுவரை நம்ப மறுக்கிறார். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்தால் அவரிடம் சொல்வேன்.

நகோயா நங்கை எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

‘த்சு’ என்றால் துறை, படகு கட்டும் இடம். ‘நாமி’ என்றால் அலை. துறை அலை. ‘த்சு’ தனியாக நிற்பதைப் பார்க்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நகோயாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில், மியே மாகாணத்தின் தலைநகரம். அதன் பெயரே ‘த்சு’. ரயில் நிலையப் பலகையில் ஒரே ஒரு எழுத்து. பழைய துறைமுக ஊர். ‘நாமி’க்கும் சாட்சி உண்டு. புயல் நேரத்தில் வானிலை அறிவிப்பில் ‘தகநாமி’ வரும் என்பார்கள், உயர்ந்த அலை, காற்று கிளப்புவது. கடல் மட்டமே உயர்ந்து ஊருக்குள் வருவதற்கு ‘தகஷியோ’, உயர்ந்த ஓதம். மூன்றும் வேறு வேறு. முன்பு ஆங்கிலத்தில் சுனாமியை ஓத அலை என்று பொருள்படச் சொன்னார்கள். ஓதம் நிலவாலும் சூரியனாலும் ஏற்படுவது, இது கடலடி நிலம் பெயர்ந்து ஏற்படுவது. அந்தப் பெயர் தவறாக இருந்ததும் ஜப்பானியச் சொல் உள்ளே வரக் காரணம்.

ஏன் ‘துறை’? ஆழ்கடலில் அந்த அலைக்கு உயரம் இல்லை. 2004இல் நிலநடுக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து இந்தியப் பெருங்கடல் மேல் போன செயற்கைக்கோள் ஒன்று அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும். படகில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் வேகம் பெரியது. ஆழத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 200 மீட்டர், மணிக்கு 720 கிலோமீட்டர். கரையோரம் ஆழம் 10 மீட்டர் ஆனதும் நொடிக்கு 10 மீட்டர்தான். முன்னால் போகும் நீர் நின்று நடக்கிறது, பின்னால் வரும் நீர் இன்னும் ஓடி வருகிறது. அதனால் குவிந்து எழுகிறது. அது அலையாகத் தெரிவதே துறைக்கு வந்த பிறகுதான்.

1896 ஜூன் 15 மாலை ஜப்பானின் வடகிழக்குக் கரையில், சன்ரிக்குவில் நடந்ததும் இதுதான். நிலம் மெல்லத்தான் ஆடியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் 22,000 பேர் இறந்தார்கள். கடலில் இருந்த மீனவர்கள் ஒன்றும் உணரவில்லை, திரும்பியபோதுதான் கண்டார்கள். அந்த ஆண்டே அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எலைசா சிட்மோர் என்ற பயணக் கட்டுரையாளர் இதைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் இந்தச் சொல் அச்சேறிய தொடக்க இடங்களில் அது ஒன்று. ஜப்பானில் சொல் அதைவிடப் பழையது, 1611ஆம் ஆண்டு அலையைப் பற்றிய குறிப்பிலேயே இருக்கிறது. மீனவர் திரும்பி வந்து கண்டதால் இந்தப் பெயர் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அழகான விளக்கம். ஆனால் துறையில்தான் சேதம் அதிகம் என்பதால் துறையின் பெயர் வந்தது என்று எளிமையாகவும் சொல்லிவிடலாம். எனக்கு இரண்டாவதே போதும்.

கடலோடி மகன் எழுதியது:

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “அந்த ஊர்க்காரனும் கடலில் இருந்திருக்கிறான்” என்றார். அவருக்கு முதல் விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

செம்மொழிச் செல்வன் எழுதியது:

சுனையை விட்டுவிடுகிறேன். ஆனால் நமக்குக் கடல்கோள் என்ற சொல் இருக்கும்போது சுனாமி எதற்கு? ஆழிப்பேரலை என்று பத்திரிகைகள் எழுதிப் பார்த்தன, நிற்கவில்லை. துறை அலை என்பது அலை வந்த இடத்தைச் சொல்கிறது. கடல்கோள் கடல் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறது. எனக்கு நம்முடையதே கனமாகத் தெரிகிறது.

எமோஜி பற்றியும் ஒன்று. பட எழுத்து என்பது நமக்குப் புதிதில்லை. தமிழில் எழுதுவது என்றாலே வரைவதும்தான். ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். 1285ஆம் குறளில் ‘எழுதுங்கால்’ என்று வருவது மை தீட்டும்போது என்ற பொருளில். ஜப்பானியர் இரண்டு சொல்லை ஒட்டிச் சொன்னதை நம் ஒரே வினை சொல்லியிருக்கிறது.

நகோயா நங்கை எழுதியது:

அண்ணா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டையே போட்டிருக்க மாட்டேன். மை எழுதுதல் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கடல்கோளில் மட்டும் ஒரு தயக்கம்: புயலில் கடல் ஊரை எடுத்தாலும் அதுவும் கடல்கோள்தானே? எச்சரிக்கை அறிவிப்பில் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

செம்மொழிச் செல்வன் எழுதியது:

பிரிக்க முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தால் போயிற்று. ஒப்பமாட்டேன்.

வினாத்தாள் வேலு எழுதியது:

கேள்விகள் தயாராகிவிட்டன என்று நினைத்தேன். எச்சரிக்கைக்காகக் கேட்கிறேன்: காகிதம் மடிக்கும் ஒரிகாமியில் ‘காமி’ காகிதம். போர்க்கால விமானிகளுக்கு வந்த காமிகாசேயில் ‘காமி’ கடவுள். காகிதத்தைக் கடவுளாக மதிப்பவர்கள் என்று கேள்வி அமைக்கலாமா?

நகோயா நங்கை எழுதியது:

தயவுசெய்து வேண்டாம் சார், மறுபடியும் அந்தப் பெண் எழுந்து நிற்பாள்! இரண்டும் வேறு சொற்கள், வேறு கான்ஜிகள். தோக்கியோக்காரர் சொல்லும்போது கடவுளுக்கு முதல் அசை உயர்ந்து ஒலிக்கும், காகிதத்துக்கு இரண்டாம் அசை. தலைமுடிக்கும் ‘காமி’தான், அதற்காக முடியையும் கும்பிடச் சொல்வீர்களா? காமிகாசே ‘கடவுள் காற்று’. 1274லும் 1281லும் மங்கோலியக் கப்பற்படையைச் சிதறடித்த புயல்களின் பெயர், விமானிகளுக்கு அது பிற்காலத்தில்தான் வந்தது.

ஒரிகாமியில் ‘காமி’யின் முதல் ஓசை மென்மையாகிவிடும். ஜப்பானியர் அதைக் காட்ட எழுத்தின் தோளில் இரண்டு புள்ளி வைக்கிறார்கள். தமிழில் ‘க’ இடையில் வந்தால் தானே மென்மையாகிவிடுவதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

எழுத்தைப் பார்த்துப் பொருள் சொல்வதிலும் குழி உண்டு. சூஷியின் இரண்டு கான்ஜிகளில் ஒன்று நீண்ட ஆயுள், மற்றது நிர்வகித்தல். ஓசைக்காகவும் மங்கலத்துக்காகவும் போட்டவை அவை. சொல் வந்தது புளிப்பிலிருந்து. டோஃபுவின் இரண்டாம் எழுத்துக்கு இன்றைய பொருள் அழுகல். அப்படி மொழிபெயர்த்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

பாட்டுப்பெட்டி எழுதியது:

நம் ஊரில் ஓடியது எதுவும் அங்கிருந்து வந்ததா?

நகோயா நங்கை எழுதியது:

ரிக்‌ஷா. ஜின் + ரிகி + ஷா. மனிதன், வலிமை, வண்டி. 1870 வாக்கில் தோக்கியோவில் ஓடத் தொடங்கியது. ஆங்கிலேயர் ‘ஜின்’னை வெட்டிவிட்டார்கள். மனிதன் போய் வலிமை வண்டி மட்டும் மிஞ்சியது. ஆட்டோ ரிக்‌ஷா வந்தபோது வெட்டிய இடம் சரியாகிவிட்டது.

வினாத்தாள் வேலு எழுதியது:

இன்று கூட்டம் முடிந்தது. எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பெண்ணிடம் தவறு என்னுடையது என்று சொல்லிப் போன மாத மதிப்பெண்ணைச் சேர்த்தேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெம்புரா எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். போர்த்துகீசியர் கொண்டுவந்தது என்று படித்திருந்ததால் சொன்னேன். “எந்தப் போர்த்துகீசியச் சொல்?” என்றாள்.

நகோயா நங்கை எழுதியது:

மாட்டிக்கொண்டீர்கள். சிலர் மசாலா சேர்ப்பதைக் குறிக்கும் சொல் என்பார்கள், சிலர் கிறித்தவ நோன்பு நாட்களின் பெயர் என்பார்கள். அதைக் கேள்வியாக வைக்காதீர்கள்.

பழைய கைபேசி எழுதியது:

பேரனிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். எனக்குக் கட்டமாக வந்தது இளஞ்சிவப்பு இதயமாம், 2022இல் சேர்க்கப்பட்டதாம். பழைய சிவப்பு இதயத்தையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.